தமிழ், ஆங்கில சப்டைட்டில்: வரியின் நீளமும் நேரமும்

கேள்வி: தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி 14 நிமிட ஆவணப்படம் ஒன்று எடுத்து, எடிட்டிங்கும் முடித்துவிட்டேன். இதற்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பிழையில்லாமல், பார்ப்பவர்கள் சிரமப்படாமல் படிக்கும்படி சப்டைட்டில் போட வேண்டும். ஒரு வரியில் எத்தனை எழுத்து வைக்கலாம், எவ்வளவு நேரம் திரையில் நிற்க வேண்டும், வீடியோவில் எப்படிச் சேர்ப்பது?

பதில்: முதலில் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். கையில் இருப்பது உண்மையிலேயே இறுதி வீடியோதானா? தொடக்கத்தில் நன்றி அட்டை ஒன்றை 5 நொடிக்குச் சேர்த்தாலும் சப்டைட்டில் முழுவதும் 5 நொடி முந்திவிடும். அதையாவது ஒட்டுமொத்தமாக நகர்த்திச் சரிசெய்துவிடலாம். நடுவில் இரண்டு இடத்தில் ஒவ்வொரு நொடியை வெட்டிவிட்டால், வெட்டிய இடங்களைத் தேடித் தேடித்தான் சரிசெய்ய வேண்டும். ஆகவே எடிட்டரிடமிருந்து இனி மாறாத கோப்பை வாங்கி, அது நொடிக்கு எத்தனை பிரேம் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொண்டு அதன்பின் தொடங்குங்கள். உங்கள் படம் நொடிக்கு 25 பிரேம் என்று வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன்.

வேலையின் வரிசை முக்கியம். முதலில் பேச்சு முழுவதையும் நேரக் கவலை இல்லாமல் தமிழில் எழுதி எடுங்கள். அடுத்து அதைத் துண்டுகளாக்கித் தமிழுக்கு நேரம் குறியுங்கள். அந்த நேரங்களின் மேல் ஆங்கிலத்தை எழுதுங்கள். தமிழைத் தாண்டி நேரே ஆங்கிலத்தில் தொடங்குபவர்கள் பலர் உண்டு. அப்படிச் செய்யும்போது, தெளிவாகக் காதில் விழாத சொல்லுக்குப் பொத்தாம்பொதுவான ஓர் ஆங்கிலச் சொல்லைப் போட்டு மழுப்பிவிட முடிகிறது. தமிழில் எழுதும்போது அந்த மழுப்பல் நடக்காது, கேட்டதைக் கேட்டபடி எழுதியாக வேண்டும். உப்பளத்தில் காற்று பலமாக வீசும் இடங்களில் பேசியது புரியவில்லை என்றால், படத்தில் பேசியவரையோ அதே ஊர்க்காரர் ஒருவரையோ கேட்டுவிடுவதே நல்லது. தொழில் சொற்களுக்கு இது இன்னும் பொருந்தும். ‘பாத்தி’ என்று அவர்கள் சொல்வதை வயல் பாத்தி என்று எண்ணிக்கொண்டு ஆங்கிலத்தில் காய்கறித் தோட்டம் போல எழுதிவிட்ட ஒரு படத்தை நான் திருத்தியிருக்கிறேன்.

தமிழில் பேசுவதற்கே தமிழ் சப்டைட்டில் போடும்போது, பேச்சுத் தமிழை அப்படியே எழுதுவதா, எழுத்துத் தமிழுக்கு மாற்றுவதா என்ற கேள்வி வரும். பின்னணிக் குரல் எழுத்துத் தமிழில் இருந்தால் அதை எழுத்துத் தமிழிலும், மக்கள் பேசுவதைப் பேச்சுத் தமிழிலும் எழுதுங்கள் என்பது என் கருத்து. காதில் ‘போயிரும்’ என்று கேட்டுக்கொண்டே கண்ணில் ‘போய்விடும்’ என்று படிக்கும்போது மனம் ஒரு கணம் இடறுகிறது; அந்த ஒரு கணத்தில் அடுத்த வரி வந்துவிடுகிறது. ஆனால் பேச்சுத் தமிழுக்கு ஒரே எழுத்துமுறை கிடையாது. ‘வர்றாங்க’, ‘வராங்க’, ‘வாராங்க’ என்று ஒரே படத்தில் மூன்று விதமாக எழுதிவிடுவோம். அவர்கள் சொல்வது ‘வாராங்க’ என்றால் அதையே கடைசிவரை எழுதுங்கள். இத்தகைய சொற்களை ஒரு தாளில் தனியாக எழுதி வைத்துக்கொண்டால் பிற்பாடு தேடிப் பார்க்க வசதியாக இருக்கும். பேச்சில் வரும் ‘வந்து’, ‘என்னன்னா’ போன்ற இடைநிரப்புச் சொற்களை, அவற்றுக்குப் பொருள் இல்லாத இடங்களில் விட்டுவிடலாம்.

இனி வரியின் நீளம். தமிழில் பெரும்பாலோர் தவறுவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஆங்கிலத்துக்கு ஒரு வரியில் 42 எழுத்து, ஒரே நேரத்தில் இரண்டு வரி என்பது ஓடிடி நிறுவனங்கள் பரவலாகக் கடைப்பிடிக்கும் அளவு. அந்த 42 என்ற எண்ணை அப்படியே எடுத்துத் தமிழுக்கும் வைத்துக்கொண்டு, மென்பொருள் பச்சை காட்டுகிறதே என்று நம்பிவிடுகிறோம். ஆனால் மென்பொருள் பெரும்பாலும் எண்ணுவது நாம் எழுத்து என்று சொல்வதை அல்ல, யூனிகோடு குறியீடுகளை. ‘தமிழ்’ என்ற சொல் நம் கணக்கில் மூன்று எழுத்து. கணினியின் கணக்கில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. சப்டைட்டில் எடிட் போன்ற மென்பொருளில் எழுத்தை எண்ணும் முறையை மாற்றும் வசதி உண்டு என்றாலும், எந்த முறையில் எண்ணுகிறது என்று பார்க்காமலேயே வேலை செய்பவர்கள்தான் அதிகம்.

இந்த வேறுபாடு இரண்டு பக்கமும் ஏமாற்றும். உயிர்மெய்க் குறிகளும் புள்ளிகளும் நிறைந்த வரியில் மென்பொருள் 48 என்று சிவப்புக் காட்டும். திரையில் பார்த்தால் வரி அடக்கமாகவே இருக்கும். மாறாக, அகர எழுத்துகள் மிகுந்த வரி 40 என்று பச்சை காட்டும். திரையிலோ அது ஓரத்தை முட்டும், ஏனென்றால் ண, ஞ போன்ற தமிழ் எழுத்துகள் ஆங்கிலத்தின் சிறிய எழுத்துகளைவிட நன்றாக அகலமானவை. ஆகவே நான் தமிழுக்கு நம் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளையே எண்ணுகிறேன்: இடைவெளியும் நிறுத்தக்குறியும் சேர்த்து ஒரு வரியில் 26 முதல் 28 வரை. அதற்குமேல் ஒரு கண் பரிசோதனையும் உண்டு. கோப்பிலுள்ள மிக நீளமான வரியைத் திரையில் வைத்துப் பார்க்கிறேன். அது திரையின் அகலத்தில் முக்கால் பங்கைத் தாண்டினால் உடைக்கிறேன். செல்பேசியில் பார்ப்பவர்களை நினைத்து எழுத்தைப் பெரிதாக்கும்போது வரிகள் மூன்றாக மடங்காமல் இருப்பதும் இந்த ஓரத்தை விட்டுவைப்பதால்தான்.

படிக்கும் வேகத்துக்கும் இதே கணக்கு. ஆங்கிலத்தில் நொடிக்கு 17 எழுத்துவரை நிதானமாகப் படிக்கலாம். 20 என்பது பல நிறுவனங்கள் அனுமதிக்கும் மேல்வரம்பு. தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தாக எண்ணினால், நொடிக்கு 10 முதல் 12 வரை என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் படத்தில் வரக்கூடிய ஒரு பேச்சைக் கொண்டே பார்ப்போம். ஓர் அம்மா இப்படிச் சொல்கிறார்: ‘விடியக்காலைல மூணு மணிக்குப் போனாதான் வெயில் ஏறுறதுக்குள்ள உப்ப வார முடியும், இல்லன்னா கண்ணு கூசும், காலு வெந்துபோயிரும்.’ முழுவதும் பேச ஏழு நொடிக்குச் சற்று மேலே ஆகிறது. இதை ஒரே சப்டைட்டிலாக வைத்தால் இரண்டு வரிக்குள் அடங்காது. ‘முடியும்’ என்ற இடத்தில் பொருள் முடிகிறது, அவரும் அங்கே மூச்சு வாங்குகிறார். ஆகவே அங்கே பிரிக்கிறோம்.

```
41
00:03:12,400 --> 00:03:16,600
விடியக்காலைல மூணு மணிக்குப் போனாதான்
வெயில் ஏறுறதுக்குள்ள உப்ப வார முடியும்.

42
00:03:16,680 --> 00:03:19,680
இல்லன்னா கண்ணு கூசும்,
காலு வெந்துபோயிரும்.
```

41-ஆவது சப்டைட்டிலின் முதல் வரியில் கண்ணுக்குத் தெரிவது இடைவெளியோடு 21 எழுத்து, இரண்டாவது வரியில் முற்றுப்புள்ளியும் சேர்த்து 25. மொத்தம் 46, நேரம் 4.2 நொடி, ஆக நொடிக்கு ஏறக்குறைய 11. இதையே யூனிகோடு குறியீடாக எண்ணினால் 36-ம் 39-மாக 75 வரும். நொடிக்கு 17-ஐத் தாண்டியதாக மென்பொருள் எச்சரிக்கும். அந்த எச்சரிக்கைக்கு அஞ்சி ‘விடியக்காலைல’ என்ற சொல்லை நீக்கிவிடாதீர்கள். மூணு மணி என்பது பகலா இரவா என்பதைச் சொல்வதே அந்தச் சொல்தான்.

வரியை எங்கே உடைப்பது என்பதில் தமிழுக்கென்று சில இடங்கள் உண்டு. பெயரெச்சத்தையும் அது தழுவும் பெயரையும் பிரிக்கக் கூடாது: ‘உப்பு வாரிய’ என்று மேல்வரி முடிந்து ‘பெண்கள்’ என்று கீழ்வரி தொடங்கினால் கண் மேலே போய் மீண்டும் வரும். ‘போய்க்கொண்டு இருந்தார்கள்’ போன்ற கூட்டுவினையையும், ‘வீட்டுக்கு முன்னால்’ போன்ற தொடரையும் அப்படியே சேர்த்து வைக்க வேண்டும். மேலே உள்ள எடுத்துக்காட்டில் ‘போனாதான்’ என்ற நிபந்தனையோடு வரி முடிவதால் படிப்பவர் இயல்பாகவே அடுத்த வரியை எதிர்பார்க்கிறார். உடைக்க இடம் தெரியாதபோது வரியை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நாக்கு தானாக நிற்கும் இடமே பெரும்பாலும் சரியான இடம்.

நேரம் குறிப்பதற்கு ஒலி அலையைப் பார்த்துச் செய்யுங்கள். காதை மட்டும் நம்பினால் விசையை அழுத்தும் கை எப்போதும் கால் நொடி பிந்தும். பேச்சு தொடங்கும் இடத்தில் சப்டைட்டில் தோன்ற வேண்டும், ஓரிரு பிரேம் முந்தினாலும் பாதகமில்லை. பேச்சு முடிந்ததும் உடனே மறைக்காமல், அடுத்த பேச்சுக்கு இடம் இருந்தால் அரை நொடிவரை நிறுத்திவையுங்கள். எவ்வளவு சிறிய ‘ஆமா’ என்றாலும் ஒரு நொடிக்குக் குறையாமல் நிற்கட்டும். எவ்வளவு நீண்டதானாலும் ஏழு நொடியைத் தாண்ட வேண்டாம், ஏனென்றால் படித்து முடித்தவர் அதையே மறுபடி படிக்கத் தொடங்கிவிடுவார். ஒன்று மறைந்து அடுத்தது தோன்றுவதற்கு இடையில் இரண்டு பிரேம் இடைவெளி வேண்டும். மேலே 16,600-க்கும் 16,680-க்கும் இடையில் உள்ள 80 மில்லிநொடி அதுதான். 25 பிரேம் படத்தில் ஒரு பிரேம் 40 மில்லிநொடி. இந்த இடைவெளி இல்லாவிட்டால் எழுத்து மாறியதே கண்ணுக்குத் தெரியாது.

காட்சி மாறும் இடமும் கவனிக்கத்தக்கது. அம்மாவின் முகத்திலிருந்து உப்புக் குவியலுக்குக் காட்சி வெட்டப்பட்ட பிறகும் பழைய வரி கால் நொடி தொங்கிக்கொண்டிருந்தால், கண் அதைப் புதிய வரி என்று எண்ணி மீண்டும் படிக்கப் போகும். ஆகவே வெட்டுக்கு அருகில் முடியும் சப்டைட்டிலை வெட்டுக்கு இரண்டு பிரேம் முன்னதாக முடித்துவிடுங்கள். பேச்சு வெட்டைத் தாண்டி நெடுநேரம் தொடர்ந்தால் சப்டைட்டிலும் தாண்டிப் போகட்டும், அது குற்றமில்லை. ஆவணப்படத்தில் பேச்சின்மேல் வேறு காட்சிகள் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால் ஒவ்வொரு வெட்டுக்கும் பணிந்தால் பேச்சைத் துண்டு துண்டாக்கிவிடுவோம்.

தமிழ்க் கோப்பை முடித்ததும் அதன் நகலை எடுத்து அதே நேரங்களில் ஆங்கிலத்தை எழுதுங்கள்.

```
41
00:03:12,400 --> 00:03:16,600
We have to be there by 3 a.m.
to rake the salt before the sun climbs.

42
00:03:16,680 --> 00:03:19,680
Any later, the glare blinds you
and your feet burn.
```

முதல் வரி 29, இரண்டாவது 39, மொத்தம் 68 எழுத்து. நொடிக்கு 16 அளவில் வருகிறது. ‘போனாதான்’ என்பதன் அழுத்தத்தை ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் கொண்டுவர முயன்றால் வாக்கியம் நீண்டு 20-ஐத் தாண்டிவிடும். அந்த அழுத்தத்தை இங்கே கட்டாயம் என்ற பொருளுள்ள வினை தாங்கிக்கொள்கிறது. பேசியவரின் கருத்து குறையாமல் வந்ததா என்பதே கேள்வி, எல்லாச் சொல்லும் வந்ததா என்பது அல்ல.

ஆங்கிலத்தில் உண்மையான சிக்கல் வாக்கியம் இரண்டு மூன்று சப்டைட்டிலாக நீளும்போது எழுகிறது. தமிழில் வினை கடைசியில் வரும். பேசுபவர் செய்தியைக் கடைசிவரை கையில் வைத்திருந்து முடிவில் போட்டு உடைப்பார். ‘எங்கப்பா அம்பது வருசம் இந்த அளத்துல நின்னு சம்பாரிச்சத… ஒரே நாள்ல… புயல் தூக்கிட்டுப் போயிருச்சு’ என்று ஒருவர் இடைவெளி விட்டுச் சொல்கிறார் என்று வையுங்கள். ஆங்கில இலக்கணத்துக்குப் புயலை எழுவாயாக்கி முதல் சப்டைட்டிலிலேயே வைத்துவிட்டால், அவர் முகம் அமைதியாக இருக்கும்போதே ஆங்கிலம் படிப்பவருக்குச் செய்தி தெரிந்துவிடும்; அவர் கண் கலங்கும்போது திரையில் ‘ஐம்பது ஆண்டு’ என்று ஓடிக்கொண்டிருக்கும். வாக்கியத்தை உடைத்து, அவர் சொன்ன வரிசையிலேயே ஆங்கிலத்தைக் கட்டுவதே வழி:

```
What my father earned here
in fifty years...

...went in a single day.

The storm took it.
```

இப்படிச் செய்ய முடியாத இடமும் வரும். அங்கே இரண்டு சப்டைட்டிலை ஆங்கிலத்தில் மட்டும் ஒன்றாக்கிவிடுங்கள். தமிழ்க் கோப்பில் 160 இருந்தால் ஆங்கிலத்திலும் 160 இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் தேவையில்லை.

விளிச்சொற்களைப் பற்றி ஒன்று. ‘அண்ணாச்சி’ என்பதை ஆங்கிலத்தில் சகோதரன் என்று எழுதினால், கணக்குப்பிள்ளையும் தொழிலாளியும் உடன்பிறந்தவர்களோ என்று வெளிநாட்டுப் பார்வையாளர் எண்ணிக்கொள்ளக்கூடும். ஒலிபெயர்த்து அப்படியே விடலாம். காதிலும் அதே ஒலி விழுவதால் ஒன்றும் குழம்பாது. ‘வா’ என்பதும் ‘வாங்க’ என்பதும் ஆங்கிலத்தில் ஒன்றாகிவிடும் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான், அந்த வேறுபாட்டின்மேல் காட்சியே நிற்கும்போது மட்டும் வேறு சொல்லால் மரியாதையைக் காட்டுங்கள்.

கோப்பைச் சேமிக்கும்போது UTF-8 என்று தேர்ந்தெடுங்கள். பழைய பாமினி போன்ற எழுத்துருவில் தட்டிய உரை இருந்தால் முதலிலேயே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள், இல்லையேல் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அதன்பின் வீடியோவோடு சேர்க்க இரண்டு வழி உண்டு. பார்ப்பவர் மொழியைத் தேர்ந்தெடுக்கவும் அணைக்கவும் முடிகிறபடி தனித் தடமாக வைப்பது ஒன்று. படத்தின்மேலேயே அச்சடித்தாற்போல் பதித்துவிடுவது மற்றொன்று. யூடியூபில் ஏற்றுவதானால் வீடியோவுக்குள் எதையும் சேர்க்காமல், இரண்டு கோப்புகளையும் தமிழ், ஆங்கிலம் என்று தனித்தனியாக ஏற்றினால் போதும். ஒரே எம்பி4 கோப்பில் இரண்டையும் தடங்களாக வைக்க வேண்டுமானால், ffmpeg என்ற வீடியோ மென்பொருளுக்குக் கட்டளைச் சாளரத்தில் இப்படிக் கொடுங்கள்:

```
ffmpeg -i padam.mp4 -i ta.srt -i en.srt \
 -map 0:v -map 0:a -map 1 -map 2 \
 -c:v copy -c:a copy -c:s mov_text \
 -metadata:s:s:0 language=tam \
 -metadata:s:s:1 language=eng out.mp4
```

இதில் படமும் ஒலியும் மறுபடி சுருக்கப்படுவதில்லை, ஆகவே தரம் குறையாது, சில நொடிகளில் முடிந்துவிடும். பதித்துத் தரச் சொல்லிக் கேட்டால் மட்டும் இரண்டாவது வழிக்குப் போங்கள்:

```
ffmpeg -i padam.mp4 -vf "subtitles=ta.srt:force_style='FontName=Noto Sans Tamil,FontSize=18'" -c:a copy ta_padam.mp4
```

இங்கே 18 என்பது பிக்சல் அல்ல. 288 உயரமுள்ள ஒரு கற்பனைச் சட்டத்தில் 18. உங்கள் 1080 உயர வீடியோவில் அது ஏறக்குறைய 67 பிக்சலாக விரியும். தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே நேரத்தில் பதிக்கும் ஆசை பலருக்கு வரும். நான்கு வரி சேர்ந்து பேசுபவரின் வாயையே மறைத்துவிடும். இரண்டு தனிப் பதிப்புகளாக எடுப்பதே நலம்.

பதிக்கும்போதும் தனித் தடமாகத் திரையிடும்போதும் தமிழுக்கே உரிய ஒரு கோளாறு வரும். எகர, ஏகார, ஐகாரக் குறிகள் மெய்க்குப் பின்னால் சேமிக்கப்பட்டாலும் திரையில் முன்னால் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்து எழுத்தையும் குறியையும் சேர்த்துக் காட்டும் வசதி மென்பொருளில் இருக்க வேண்டும். அது இல்லாத மென்பொருளிலோ, பிரீமியரில் தெற்காசிய மொழிகளுக்கான உரை இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்காதபோதோ, ‘வெயில்’ என்ற சொல்லில் கொம்பு வகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும், சில சமயம் புள்ளி வட்டமும் சேர்ந்து தெரியும். ஒரு திரையிடலுக்குக் கோப்பைத் தனித் தடமாக அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன்; அரங்கின் கணினியில் இருந்த பிளேயர் எல்லாக் கொம்பையும் இடம் மாற்றிக் காட்டியது. அன்றுமுதல் ‘கொடுத்தேன், வெயில், கையோடு, ஸ்ரீ’ என்று ஒரு வரியைத் தற்காலிகமாகக் கோப்பின் தலையில் வைத்து, திரையிடும் கருவியிலேயே ஓட்டிப் பார்த்த பிறகே அனுப்புகிறேன்.

எல்லாம் முடிந்தபின் முதல் சப்டைட்டிலையும் கடைசி சப்டைட்டிலையும் உதட்டசைவோடு ஒப்பிடுங்கள். இரண்டிலும் ஒரே அளவு பிந்தினால் கோப்பு முழுவதையும் அந்த அளவுக்கு நகர்த்தினால் போதும். முதலில் பொருந்தி, போகப் போக விலகினால் வீடியோ வேறு பிரேம் வேகத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறது. 24-க்கும் 23.976-க்கும் உள்ள வேறுபாடு 14 நிமிட முடிவில் முக்கால் நொடிக்குச் சற்று மேலேதான், அசட்டையாகப் பார்த்தால் தப்பிவிடும், 25-க்கும் 23.976-க்கும் என்றால் முப்பத்தைந்து நொடிக்கும் மேல் போய்விடும். இதற்கு நகர்த்தல் உதவாது, மென்பொருளில் பிரேம் வேகத்தை மாற்றும் கட்டளையைக் கொடுக்க வேண்டும்.

கடைசியாக இரண்டு பேரை உட்கார வைத்துக் காட்டுங்கள். தமிழ் தெரியாத ஒருவர் ஆங்கிலக் கோப்போடு பார்க்கட்டும். தமிழ் தெரிந்த ஒருவர் ஒலியை அணைத்துவிட்டுத் தமிழ்க் கோப்போடு பார்க்கட்டும். அவர்களிடம் எதுவும் கேட்காமல் நீங்கள் திரையை விட்டுவிட்டு அவர்கள் கண்ணைப் பாருங்கள். எந்த இடத்தில் அவர்கள் படத்தைப் பார்க்க நேரமில்லாமல் அடிவரியிலேயே தங்கிவிடுகிறார்களோ, அந்த நிமிடத்தையும் நொடியையும் குறித்துக்கொண்டு அங்கே மட்டும் சொற்களைக் குறையுங்கள்.